குறிப்பை எல்லோரும் படித்தார்கள், முடிவு மட்டும் வரவில்லை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பழையகோப்பு:
எங்கள் நிறுவனத்தில் ஆவணங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளுக்கான பராமரிப்பு ஆதரவு இன்னும் 14 மாதங்களில் நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்தது. இதைப் பற்றி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு முன்வாசிப்புக் குறிப்பு தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒன்பது பக்கங்கள் எழுதி, கூட்டத்துக்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். அவற்றுள் ஐந்து பக்கங்கள் பின்னணி. பிறகு மூன்று மாற்று வழிகள்: கூடுதல் கட்டணம் செலுத்திப் பழையதையே ஓராண்டு நீட்டிப்பது, புதிய மென்பொருளுக்கு ஒரே மூச்சில் மாறுவது, துறை துறையாக இரண்டு கட்டங்களில் மாறுவது. மூன்றாவதைப் பரிந்துரைத்து, "மேற்கண்டவை குழுவின் மேலான கவனத்திற்கும் தகுந்த முடிவிற்கும் சமர்ப்பிக்கப்படுகின்றன" என்று முடித்திருந்தேன்.

உறுப்பினர்கள் உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் பின்னணியில், பழைய மென்பொருள் "அவசரமாக" வாங்கப்பட்டது என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அதை வாங்கியவரே அந்த அறையில் அமர்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அறுபது நிமிடக் கூட்டத்தில் நாற்பது நிமிடங்கள் அந்தச் சொல்லுக்கே போயின. நடவடிக்கைப் பதிவில் இப்படி வந்தது: "குறிப்பு விவாதிக்கப்பட்டது, உறுப்பினர்களின் கருத்துகள் பதிவு செய்யப்பட்டன." இதே போன்ற அனுபவம் வேறு யாருக்கேனும் உண்டா? நான் எங்கே தவறினேன்?

சுருக்கெழுத்து:
ஒன்பது பக்கங்கள் என்பதே தவறு. 1940 ஆகஸ்டில், போரின் நடுவே, சர்ச்சில் தம் அமைச்சரவைக்குச் 'சுருக்கம்' என்ற தலைப்பிலேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அந்த நிலையில் இருந்தவர்களுக்கே நீண்ட அறிக்கைகளைப் படிக்க நேரமில்லை என்றால், நம் உறுப்பினர்களுக்கு எங்கிருந்து இருக்கும்? எங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மூன்றாம்மணி:
எங்கள் குழுவில் யாரும் எதையும் படித்துவிட்டு வருவதே இல்லை. ஆகவே, அமேசான் நிறுவனத்தில் செய்வதைப் போல, கூட்டத்தின் முதல் இருபது நிமிடங்களை மௌன வாசிப்புக்கு ஒதுக்கிவிட்டோம். முதல் இரண்டு முறை சங்கடமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம்.

பழையகோப்பு:
நன்றி. ஆனால் எங்கள் உறுப்பினர்கள் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். "அவசரமாக" என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரை சொன்னார்கள்.

தீர்மானவரி:
பல ஆண்டுகளாகக் குழுச் செயலராக இருக்கிறேன். இப்படிப்பட்ட குறிப்புகளை நானே எழுதியுமிருக்கிறேன், பிறர் எழுதியவற்றை வாங்கிச் சுற்றுக்கும் விட்டிருக்கிறேன். நீளத்தைப் பற்றிச் சொன்ன நண்பர் பாதி சரி. அதே சுற்றறிக்கையில், விரிவான பகுப்பாய்வும் புள்ளிவிவரமும் வேண்டியிருந்தால் அவற்றைப் பின்னிணைப்பில் வையுங்கள் என்றும் சர்ச்சில் சொல்லியிருக்கிறார். அவற்றை எறிந்துவிடச் சொல்லவில்லை. உங்கள் குறிப்பை ஒரு பக்கமாக வெட்டியிருந்தாலும் அந்தக் கடைசி வரி அப்படியே இருந்திருந்தால் இதே முடிவுதான் வந்திருக்கும்.

"தகுந்த முடிவிற்கு" என்றால் எந்த முடிவு? நான் எப்போதும் கடைசியில் வரவேண்டியதை முதலில் எழுதுவேன், அதாவது நடவடிக்கைப் பதிவில் எந்த வாக்கியம் வரவேண்டுமோ அந்த வாக்கியத்தை. உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கலாம்: "இரண்டு கட்ட மாற்றத்துக்கு ஒப்புதல் அளிக்கவும், அதற்கான ஒப்பந்தப்புள்ளியைக் கோர நிர்வாக அலுவலருக்கு அதிகாரம் வழங்கவும் குழு தீர்மானித்தது." இதையே "குழு முடிவு செய்ய வேண்டியது" என்ற தலைப்பில் குறிப்பின் முதல் பத்தியாக வைத்துவிடுவேன். இந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால், குறிப்பு எழுதும் நிலைக்கு விஷயம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

அடுத்ததாக, பின்னணியில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது இல்லாவிட்டால் யாராவது வேறு வழியைத் தேர்ந்தெடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். "அவசரமாக வாங்கப்பட்டது" என்பது அந்தக் கேள்வியில் நிற்காது. அது வரலாறு, அதிலும் ஒருவரைக் குற்றம் சாட்டும் வரலாறு. ஆதரவு 14 மாதங்களில் முடிவடையும் என்பது அந்தக் கேள்வியில் நிற்கும்.

ஒன்று கேட்கிறேன்: மாற்றத்துக்கு மொத்தம் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று குறிப்பில் எழுதியிருந்தீர்களா? உங்கள் குழு எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கூடும்?

பழையகோப்பு:
கொள்முதலுக்கு நான்கு மாதங்கள், தரவுகளை மாற்ற ஆறு மாதங்கள், சோதனைக்கு இரண்டு மாதங்கள் என்று மூன்று வெவ்வேறு பக்கங்களில் எழுதியிருந்தேன். கூட்டிப் பார்க்கவில்லை. குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடும்.

தீர்மானவரி:
கூட்டினால் பன்னிரண்டு. பதினான்கில் பன்னிரண்டு போனால் உங்கள் கையில் இருந்தது இரண்டு மாதங்கள். அடுத்த கூட்டமோ மூன்று மாதங்கள் கழித்து. ஆகவே அன்று முடிவெடுக்காமல் எழுந்தபோதே, பழையதைக் கட்டணம் செலுத்தி நீட்டிக்கும் முதல் வழியைத்தான் குழு தனக்குத் தெரியாமலே தேர்ந்தெடுத்துவிட்டது. இந்த ஒரு வரி குறிப்பில் இல்லை. "இன்று முடிவெடுக்காவிட்டால் என்ன ஆகும்" என்பதைத் தேதியோடு எழுதாத குறிப்பை நான் சுற்றுக்கு விடுவதில்லை. தள்ளிவைப்பதற்குச் செலவு இல்லை என்று தோன்றினால் எந்தக் குழுவும் தள்ளித்தான் வைக்கும்.

இடைக்கோடு:
பரிந்துரையைப் பற்றி எனக்கு வேறு அனுபவம். எங்கள் தலைவர், பரிந்துரை எழுதிய குறிப்பைப் பார்த்தாலே "முடிவெடுத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டீர்களா" என்று கேட்பார். அதற்குக் காரணமும் உண்டு. முன்பொரு முறை நான் மூன்று வழிகளைக் கொடுத்து, அவற்றில் இரண்டை யாருமே தேர்ந்தெடுக்க முடியாதபடி எழுதியிருந்தேன். பரிந்துரைத்த வழிக்கு ஆறு நன்மைகளும் ஒரு குறையும், மற்றவற்றுக்கு ஒரு நன்மையும் ஆறு குறைகளும். ஓர் உறுப்பினர் அதை எண்ணியே காட்டினார். அதிலிருந்து நான் வழிகளை மட்டும் எழுதிவிட்டுப் பரிந்துரையை வாய்மொழியாகச் சொல்கிறேன்.

தீர்மானவரி:
குறை மற்ற இரண்டு வழிகளை எழுதிய விதத்தில் இருந்தது. அதற்குப் பரிந்துரையை ஏன் நீக்குகிறீர்கள்? செலவு, காலம், இடையூறு என்று ஒரே அளவுகோல்களால் எல்லா வழிகளையும் அளந்துவிட்டால், பரிந்துரை இருப்பது யாரையும் உறுத்தாது. வாய்மொழியாகச் சொன்னதை, கூட்டத்துக்கு வராத உறுப்பினர் எப்படி அறிவார்?

இடைக்கோடு:
எங்கள் தலைவரை நீங்கள் பார்த்ததில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

பழையகோப்பு:
ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பத்தே நாட்களில் சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்டச் சம்மதம் பெற்றேன். இம்முறை குறிப்பு இரண்டரைப் பக்கங்கள், பின்னிணைப்பு நான்கு. முதல் பத்தியில் தீர்மான வாக்கியமும், அந்த மாதத்துக்குள் முடிவு இல்லையென்றால் நீட்டிப்புக் கட்டணம் தவிர்க்க முடியாதது என்ற வரியும் இருந்தன. பின்னணி எட்டு வரிகள். ஒரே அளவுகோல்களால் அளந்தபோது, பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் நான்கு மாதங்களுக்கான ஊழியர் நேரத்தை நான் பரிந்துரைத்த வழியில் சேர்க்கவே இல்லை என்பது தெரிந்தது. சேர்த்த பிறகு, அதற்கும் ஒரே மூச்சில் மாறுவதற்கும் இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. அதையும் அப்படியே எழுதினேன்.

இருபத்தைந்து நிமிடங்களில் முடிவு வந்தது. ஆனால் இரண்டு கட்டங்களை ஏற்றுக்கொண்டு, முதல் கட்டம் முடிந்தபின் இரண்டாவதற்கு மீண்டும் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒப்புதலுக்கான கூட்டத் தேதியை என் கால அட்டவணையில் எங்கே நுழைப்பது என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுருக்கெழுத்து:
இரண்டரைப் பக்கமா? எங்கள் அலுவலகமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.