மைக்கில் வாசித்த அறிமுகம் கேட்டவர்களுக்குப் புரியாமல் போன அனுபவம் உண்டா?

கேரட்தோட்டம்

போன மாதம் நீலகிரியில் நஞ்சநாடு பக்கம் ஓர் ஊரில் உருளைக்கிழங்கு விவசாயிகள் கூட்டம். பேச வந்தவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. அவர் அனுப்பிய ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி இப்படி வாசித்தேன்:

“உருளைக்கிழங்கில் பிசிஎன் பாதிப்பைக் கட்டுப்படுத்துவதற்கான ஐபிஎம் அடிப்படையிலான தொழில்நுட்பங்களை எஃப்பிஓக்கள் வாயிலாக மலைப்பகுதி விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் திட்டத்தின் முதன்மை ஆய்வாளராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, பல ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ள முனைவர் அவர்களை வரவேற்கிறேன்.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், “கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருக்காரா?” யாரும் சிரிக்கவில்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அந்தப் பெரியவர் நூற்புழுவால் மூன்று போகமாக நஷ்டப்பட்டவர். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கூட்டமே. அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த மாதம் இதே பேச்சாளர் வேறொரு ஊருக்கு வருகிறார். அதற்குள் இதைத் திருத்தியாக வேண்டும். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

குன்னூர் தமிழாசிரியர்

எங்கள் பள்ளி விழாவிலும் ஒரு விருந்தினரை வெறும் ஆங்கில எழுத்துகளாலேயே அறிமுகம் செய்தார்கள். பெற்றோர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுருக்கெழுத்துதான் குற்றவாளி. எல்லாவற்றையும் விரித்துத் தமிழில் சொல்லிவிடுங்கள். ஐபிஎம் என்றால் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை. எஃப்பிஓ என்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பிசிஎன் என்றால் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

கூடலூர் செல்வி

நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். மனப்பாடம் செய்திருந்த நீளமான வாக்கியம் பாதியில் அறுந்துவிட்டது. அதன்பிறகு எந்த ஊர், என்ன படிப்பு, என்ன வேலை தெரியும் என்று மூன்று துண்டாகச் சொல்லப் பழகினேன். அடுத்த இடத்தில் வேலை கிடைத்தது. உங்களுக்கும் கிடைக்கும் அக்கா.

பழைய வானொலிக்காரன்

செல்வி, இங்கே கேட்பது வேறொருவரை அறிமுகப்படுத்துவது பற்றி. ஆனால் துண்டு போட்டதாகச் சொன்னீர்களே, அது இதற்கும் பொருந்தும்.

வானொலிக்குப் பல வருடம் உரை எழுதியவன் நான். ஒரு முறை உர விலை பற்றிய உரையில் டிஏபி என்று வந்த இடத்திலெல்லாம் டைஅம்மோனியம் பாஸ்பேட் என்று விரித்து எழுதினேன். ஒலிபரப்பான மறுநாள் சந்தையில் ஒருவர் என்னை நிறுத்தி, “டிஏபி விலையைச் சொல்லவே இல்லையே” என்றார். ஆசிரியர் ஐயா, அதனால்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டிஏபி அவர் தினமும் சொல்லும் பெயர். அதை விரித்தால் புரிந்ததும் புரியாமல் போகும். ஐபிஎம் அப்படி இல்லை. அதை ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று விரித்தாலும் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பெயரை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மா, உங்கள் வாக்கியத்தில் பெரிய சிக்கல் சுருக்கெழுத்துகூட இல்லை. யார் வந்திருக்கிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. தமிழில் கட்டுப்படுத்துவதற்கான, அடிப்படையிலான, சேர்க்கும், பணியாற்றி, வெளியிட்டுள்ள என்று அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் உடையாது. படிப்பவர் கண்ணைத் திருப்பி மறுபடி படித்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆள் பெயர் வரும் வரைக்கும் எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டும். மூன்றாவது அடுக்கிலேயே கீழே போட்டுவிடுவார்.

நான் செய்வது இதுதான். அப்படி அடுக்காக வரும் ஒவ்வொரு சொல்லிலும் பென்சிலால் கோடு போடுவேன். அங்கே வாக்கியத்தை முடித்து வினைமுற்றாக மாற்றுவேன். ‘பணியாற்றி’ என்பது ‘வேலை செய்கிறார்’ ஆகும். பெயரை முன்னால் கொண்டுவருவேன். ஆனால் முதல் வாக்கியத்தில் வேண்டாம். அப்போது நாற்காலி இழுக்கும் சத்தமும் இருமலும் இருக்கும். முதலில் லேசாகச் சில வாக்கியங்கள், அப்புறம் பெயர், முடிவில் இன்னொரு முறை பெயர். உங்களுடையதை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

“உருளைக்கிழங்குச் செடி வாடி, வேரில் கடுகைவிடச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நூற்புழுவின் முட்டைக்கூடு. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். உருளைக்கிழங்கு போடாமல் விட்டாலும் பல வருடம் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். நீலகிரியில் இது கண்டுபிடிக்கப்பட்டு அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முனைவர் இன்னார் பதினைந்து வருடமாக இந்தப் புழுவோடு போராடுகிறார். மருந்தை மட்டும் நம்பாமல், பயிரை மாற்றிப் போட்டு இதை எப்படிக் குறைப்பது என்று சொல்ல வந்திருக்கிறார். முனைவர் இன்னார் இப்போது பேசுவார்.”

கண்டுபிடித்த வருடம் 1961. மைக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று என்று சொல்லி முடிப்பதற்குள் எதற்கு அந்த எண் என்பது மறந்துபோகும். அதனால்தான் அறுபது வருடம் என்று எழுதினேன்.

எழுதியதும் உரக்க வாசியுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வாக்கியம் நீளம். பிறகு விஷயம் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார்கள். யார் வருகிறார், எதற்கு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

மலைப்பூண்டு (பூம்பாறை)

கலைச்சொல்லை எல்லாம் தூக்கிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு மாணவர், “1909-ல் இங்கே ஜான் எவர்ஷெட் கண்டறிந்த, சூரியப் புள்ளியின் புறநிழல் பகுதியில் நிகழும் ஆரவழி ஓட்டமான எவர்ஷெட் விளைவு” என்று ஆரம்பித்தார். ஒரு சிறுமி, “யார் ஓடினாங்க?” என்று கேட்டாள். எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. நல்ல கேள்வி, ஆனால் பதில் சொல்லாமல் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

எவர்ஷெட் விளைவு என்ற பெயரை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் எதைத் தேடிப் படிப்பாள்? பெயர் வேண்டும். ஆனால் படம் முதலில் வர வேண்டும். சூரியனில் கறுப்புப் புள்ளி தெரியும், அதன் விளிம்பில் சூடான வாயு நடுவிலிருந்து வெளியே பாய்கிறது, அதை இந்த மலையில் இருந்துகொண்டு ஒருவர் கண்டுபிடித்தார், அதனால் அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். இப்படிச் சொன்னால் பெயர் தங்கும்.

ஹட்டிக்காரன்

வானொலி ஐயா சொல்வது தமிழ் வீட்டுமொழியாக இருப்பவர்களுக்குச் சரி. நஞ்சநாடு பக்கம் வயதானவர்கள் வீட்டில் பேசுவது படுகு. என் பாட்டிக்குச் சந்தைத் தமிழ் நன்றாகத் தெரியும், ‘வாயிலாக’ தெரியாது. முதல் இரண்டு வாக்கியத்தை உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துப் படுகிலேயே சொல்லிவிடுங்கள் அக்கா.

கேரட்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை நேற்று அம்மாவிடம் ஒரு முறை வாசித்துவிட்டு, சொல்லச் சொன்னேன். “வேரில் இருக்கும் உருண்டைக்கு மருந்து கொடுக்க வருகிறார்” என்றார். ஆள் புரிந்துவிட்டது, மருந்து மட்டும் தவறாகப் பதிந்துவிட்டது. ‘மருந்தை மட்டும் நம்பாமல்’ என்பதில் மருந்து என்ற சொல்தான் காதில் நின்றிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, “எந்தப் பயிருக்குப் பிறகு எந்தப் பயிர் போட்டால் இந்தப் புழு குறையும் என்று சொல்ல வந்திருக்கிறார்” என்று மாற்றி வாசித்தேன். பக்கத்து வீட்டு அக்கா சரியாகச் சொன்னார். படுகில் சொல்ல ஓர் அண்ணாவைக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. பேச்சாளருக்கு இதை அனுப்பினேன். “முதன்மை ஆய்வாளர் என்பதும் கட்டுரைகளும் எங்கே?” என்று கேட்கிறார். பதினைந்து வருட உழைப்பு, அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதை எந்த இடத்தில், எப்படிச் சொன்னால் அந்தப் பெரியவருக்கும் புரியும்?