ஃபேஸ்புக் லாகின் வழியாகச் செய்தித் தளத்தில் போட்ட பழைய கமென்ட்டுகளை நீக்க முடியவில்லை, உதவி தேவை

ராஜி_கேஆர்புரம்:
வணக்கம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் பஸ்களை எரித்தார்களே, அந்த வாரம் ஓர் ஆங்கில நாளிதழின் தளத்தில் செய்திகளுக்குக் கீழே ஆறேழு கமென்ட் போட்டிருந்தேன். ஃபேஸ்புக் வழியாக லாகின் செய்ததால் முழுப்பெயரும் படமும் சேர்ந்தே போய்விட்டன. இப்போது வேலை மாறப் பார்க்கிறேன். என் பெயரை கூகுளில் போட்டால் அதில் ஒன்று முதல் பக்கத்திலேயே நிற்கிறது.

ஃபேஸ்புக்கில் Apps and websites பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை Remove செய்தேன். கமென்ட் போகவில்லை. சரி என்று ஃபேஸ்புக் கணக்கையே அழிக்கக் கொடுத்துவிட்டேன். அப்போதும் கமென்ட் அசையவில்லை. அதே தளத்தில் என் ஜிமெயிலை வைத்து கூகுள் வழியாக நுழைந்து பார்த்தேன். உள்ளே விடுகிறது, ஆனால் My comments காலியாக இருக்கிறது. என் கமென்ட்டுக்குப் பக்கத்தில் Report மட்டும்தான் வருகிறது, Delete இல்லை.

இதில் இன்னொரு குழப்பம்: ஒரு கன்னடச் செய்தித் தளத்திலும் இரண்டு கமென்ட் போட்டிருந்தேன். அவை மட்டும் தானாகவே காணாமல் போய்விட்டன. ஏன் ஒன்று போனது, ஒன்று போகவில்லை?

அல்சூர்_மணி:
மேடம், ஃபேஸ்புக்கில் ஆப்பை எடுத்துவிட்டாலே அந்தத் தளத்துக்கு உங்கள் விவரம் எதுவும் கிடைக்காது. கமென்ட் போக நாளாகும், கொஞ்சம் பொறுங்கள். போகவில்லையென்றால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி ஒரு மெயில் போடுங்கள். அழித்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது அவர்களுக்கு.

மாட்டுங்கா_மீனாட்சி:
இது ரொம்ப சுலபம் ராஜி. நான் போன வருஷம் மும்பைப் பேப்பர் ஒன்றில் தண்ணீர் வரி பற்றிப் போட்டதை இப்படித்தான் எடுத்தேன். ஃபேஸ்புக்கில் அந்தப் பேப்பரின் பக்கத்துக்குப் போய், போஸ்டுக்குக் கீழே நம் கமென்ட்டைத் தேடி, மூன்று புள்ளியைத் தட்டினால் Delete வரும். ஒரு நிமிஷ வேலை.

பின்கட்டு_செந்தில்:
மாமி, நீங்கள் சொல்வது பேப்பரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட கமென்ட். ராஜி கேட்பது பேப்பரின் சொந்தத் தளத்தில் போட்டது. இரண்டும் இருக்கும் இடமே வேறு.

ராஜி, முதலில் ஒன்று சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஃபேஸ்புக் கணக்கை அழிக்கக் கொடுத்து 30 நாள் ஆகிவிட்டதா? ஆகவில்லையென்றால் இன்றைக்கே உள்ளே போய் Cancel Deletion கொடுங்கள். அந்தக் கணக்குதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாவி. கெடு தாண்டினால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ராஜி_கேஆர்புரம்:
இன்னும் ஆகவில்லை. இப்போதுதான் நிறுத்தினேன், கணக்கு திரும்ப வந்துவிட்டது. ஆனால் அழிப்பதற்காக வந்தவளைத் திரும்பத் திறக்கச் சொல்கிறீர்களே, ஏன் என்று புரியவில்லை அண்ணா.

பின்கட்டு_செந்தில்:
நான் சில வருஷம் ஒரு ஊடக நிறுவனத்தில் லாகின் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தி ஒரு தளத்துக்குள் போகும்போது, ஃபேஸ்புக் செய்வது ஆளை அடையாளம் காட்டுவது மட்டும்தான். தளம் தன் பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு கணக்கைத் திறந்துகொள்கிறது. ஃபேஸ்புக் கொடுக்கும் ஒரு நீளமான எண்ணை அந்தக் கணக்கில் குறித்துவைக்கிறது. பெயர், படம், மெயில் கிடைத்தால் அதையும் நகல் எடுத்துக்கொள்கிறது. கமென்ட் சேருவது தளத்தின் டேட்டாபேஸில், ஃபேஸ்புக்கில் இல்லை. அதனால் ஃபேஸ்புக் பக்கம் Remove செய்தால் இனிமேல் தகவல் வாங்கும் அனுமதி மட்டும் நிற்கும். மணி சொன்னதில் அந்தப் பாதி சரி. ஏற்கெனவே எழுதியது எத்தனை நாள் பொறுத்தாலும் தானாகப் போகாது.

கூகுள் வழியாகப் போனபோது ஏன் காலி? ஒரு ஊகம்: உங்கள் ஃபேஸ்புக் கணக்கு மொபைல் நம்பரில் தொடங்கியதுதானே? அப்படியென்றால் ஃபேஸ்புக்கிடம் கொடுக்க மெயிலே இருந்திருக்காது. தளத்துக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். நீங்கள் ஜிமெயிலோடு வந்ததும் ஒப்பிட எதுவும் இல்லாமல் புது ஆள் என்று இன்னொரு கணக்கைத் திறந்துவிட்டது. மெயில் பொருந்தினால் சில தளங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எல்லாத் தளமும் அப்படிச் செய்வதில்லை.

Report மட்டும் தெரிவதுதான் உறுதியான அறிகுறி. உங்கள் சொந்தக் கமென்ட்டுக்குப் பக்கத்தில் Report வந்தால், தளத்தின் கண்ணில் நீங்கள் வேறு ஆள்.

இப்போது செய்ய வேண்டியது: தளத்திலிருந்து முழுக்க லாக்அவுட் ஆகுங்கள், இல்லையென்றால் கூகுள் கணக்கிலேயே திரும்ப நுழைவீர்கள். பிறகு ஃபேஸ்புக் பொத்தானை அழுத்துங்கள். ஆப்பை நீக்கியதால் ஃபேஸ்புக் புதிதாக அனுமதி கேட்கும், கொடுங்கள். ஒரே ஆப்புக்கு ஒரே ஆளுக்கு ஃபேஸ்புக் கொடுக்கும் எண் மாறாது. நடுவில் நீக்கியிருந்தாலும் அதே எண்தான் வரும், பழைய கணக்கு திறக்கும். திறந்ததா என்று My comments காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபேஸ்புக்கில், நீக்கிய ஆப்களின் பட்டியலில், உங்கள் தரவை அழிக்கச் சொல்லித் தளத்துக்குக் கோரிக்கை அனுப்பவும் வழி உண்டு. அதைக் கடைசிவரை தொடாதீர்கள். அந்தக் கோரிக்கை வந்ததும் பல தளங்கள் கணக்கைத்தான் அழிக்கும், கமென்ட்டை விட்டுவைக்கும். அப்புறம் அது யாருக்கும் சொந்தமில்லாத கமென்ட். நீங்களே போனாலும் அழிக்க முடியாது.

ராஜி_கேஆர்புரம்:
ஆமாம், மொபைல் நம்பரில் தொடங்கிய கணக்குதான்! நீங்கள் சொன்னபடியே அனுமதி கேட்டது, கொடுத்தேன், பழைய கணக்கு அப்படியே திறந்தது. எல்லாக் கமென்ட்டும் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டேன்.

இரண்டு மட்டும் மிச்சம். ஒன்றை நீக்கினால் கமென்ட் போய், அந்த இடத்தில் என் பெயரோடு 'நீக்கப்பட்டது' என்று நிற்கிறது. இன்னொன்றுக்கு Delete பொத்தானே இல்லை, அந்தச் செய்தியில் கமென்ட் பகுதியை மூடிவிட்டார்கள். கூகுளில் வருவது அதுதான். வேறு எது வந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

பின்கட்டு_செந்தில்:
முதலாவதற்குக் கீழே யாராவது பதில் எழுதியிருப்பார்கள். தலையை எடுத்தால் பதில்கள் அந்தரத்தில் தொங்கும் என்பதால் தளம் ஓர் இடத்தைப் பிடித்துவைக்கிறது. அதில் பெயரையும் விட்டுவைப்பது சோம்பேறித்தனம், ஆனால் பரவலாக நடப்பதுதான்.

இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. கணக்கை இப்போது அழிக்காதீர்கள். ப்ரொஃபைலுக்குப் போய் பெயரை 'வாசகர்' என்பதுபோல மாற்றி, படத்தை எடுத்துவிடுங்கள். பல தளங்களில் கமென்ட்டுக்கு மேலே வரும் பெயர் ப்ரொஃபைலிலிருந்து எடுத்துக் காட்டுவது. ப்ரொஃபைலில் மாற்றினால் பத்து வருஷப் பழைய கமென்ட்டிலும் மாறும். மாற்றியதும் வேறொரு பிரவுசரில், லாகின் இல்லாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரு பொறி உண்டு. சில தளங்கள் ஒவ்வொரு முறை ஃபேஸ்புக் வழியாக நுழையும்போதும் பெயரையும் படத்தையும் அங்கிருந்து திரும்ப இழுத்துப் போட்டுவிடும். அதனால் பெயர் மாற்றியபிறகு லாக்அவுட் ஆகி மறுபடி நுழைந்து சோதிக்க வேண்டாம்.

பெயர் மாறவில்லையென்றால், அந்தத் தளம் கமென்ட்டோடு சேர்த்தே பெயரை எழுதிவைத்திருக்கிறது என்று பொருள். அப்போது குறைதீர் அலுவலருக்கு எழுதுவதுதான் வழி.

அல்சூர்_மணி:
அதைத்தானே நானும் சொன்னேன். சட்டத்தைக் காட்டினால் பயப்படுவார்கள்.

பின்கட்டு_செந்தில்:
எந்தச் சட்டம் என்பதில்தான் சிக்கல், மணி. 2023 சட்டத்தின் 12ஆம் பிரிவு அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது, உண்மை. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம் 3ஆம் பிரிவு: ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தன் விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ராஜி தன் பெயரில் தானே எழுதிய கமென்ட்டை அந்த வகையில் தள்ளலாம் என்று தளத்தின் வக்கீல் சொல்லிவிடுவார்.

அல்சூர்_மணி:
கமென்ட்டைத்தான் அவர் வைத்தார். படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்து ஒட்டியது தளம்தானே?

பின்கட்டு_செந்தில்:
அது நல்ல கேள்வி. லாகினுக்காக வாங்கிய படம், மெயில், எண் இவற்றைத் தனியாகக் கேட்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். வக்கீல் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

இப்போதைக்குக் கைகொடுப்பது 2021 ஐடி விதிகள். வாசகர் கமென்ட் போட இடம் தரும் தளம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் தளத்திலேயே போட வேண்டும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் அனுப்ப வேண்டும்.

மெயிலில் நீளமாக வருத்தப்பட்டு எழுதாதீர்கள். கமென்ட்டின் நேரடி இணைப்பு, போட்ட தேதி, தெரியும் பெயர், ப்ரொஃபைல் இணைப்பு இவை போதும். கூடவே, நீங்கள்தான் அந்த ஆள் என்பதற்கு ஆதாரம் வேண்டும், யாரோ மெயில் போட்டு அடுத்தவர் கமென்ட்டை அழிக்கக்கூடாதல்லவா. உங்கள் கணக்கில் மெயில் இல்லாததால் இப்போதே ப்ரொஃபைலில் ஜிமெயிலைச் சேர்த்து, அதே முகவரியிலிருந்து எழுதுங்கள். ஃபேஸ்புக்கில் ஆப் விவரத்தில் உங்கள் பயனர் எண் தெரிந்தால் அதையும் சேருங்கள். அவர்களுடைய டெவலப்பர் தேடப்போவது அதைத்தான்.

ராஜி_கேஆர்புரம்:
ஜிமெயிலைச் சேர்க்கப் போனால் 'இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்கிறது.

பின்கட்டு_செந்தில்:
கூகுள் வழியாகத் திறந்தீர்களே, அந்தக் காலிக் கணக்கு பிடித்துவைத்திருக்கிறது. அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை, வேறொரு பிரவுசரில் அதற்குள் போய் அழித்துவிடுங்கள். அல்லது வேறு மெயில் கொடுங்கள், அது இன்னும் சுலபம்.

கன்னடத் தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பக்கத்தில் மற்றவர்கள் கமென்ட் இருக்கிறதா?

ராஜி_கேஆர்புரம்:
இல்லை. கமென்ட் பெட்டியே இல்லை. முன்பு நீலப் பட்டையோடு ஃபேஸ்புக் பெட்டி இருந்ததாக ஞாபகம்.

பின்கட்டு_செந்தில்:
அப்படியென்றால் அது ஃபேஸ்புக்கின் சொந்தக் கமென்ட் பெட்டி. அங்கே நிலைமை தலைகீழ்: கமென்ட் ஃபேஸ்புக்கில் இருக்கிறது, தளத்திடம் கேட்டுப் பயனில்லை. வெளித்தளங்களில் அந்தப் பெட்டியை 2026 பிப்ரவரி 10 அன்று நிறுத்துவதாக மெட்டா அறிவித்தது. ஆகவே உங்கள் கணக்கு போனதால் மறைந்ததா, பெட்டியே போனதால் மறைந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கணக்கு திரும்ப வந்திருப்பதால் Activity log-இல் கமென்ட் பகுதியைப் பாருங்கள். அங்கே இருந்தால் அங்கேயே அழியுங்கள்.

மாட்டுங்கா_மீனாட்சி:
நான் ஆப்பிள் வழியாக இன்னொரு தளத்தில் நுழைந்திருக்கிறேன், மெயிலை மறைக்கச் சொல்லி. எனக்கும் இதே கதைதானா?

பின்கட்டு_செந்தில்:
கிட்டத்தட்ட, மாமி. தளத்துக்குத் தெரிந்தது privaterelay.appleid.com என்று முடியும் முகவரி மட்டும். உங்கள் வழக்கமான மெயிலிலிருந்து எழுதினால் அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அந்த மறைமுகவரி எது என்பதை ஆப்பிள் கணக்கின் அமைப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பை மட்டும் முதலில் துண்டிக்காதீர்கள்.

ராஜி_கேஆர்புரம்:
நிலவரம்: பெயரை மாற்றினேன், 'நீக்கப்பட்டது' என்ற இடத்தில் பெயர் மாறிவிட்டது. மூடிய செய்தியில் இருப்பதிலும் பெயர் மாறியது, படம் மட்டும் பழையது. குறைதீர் அலுவலருக்கு இரண்டு இணைப்போடு எழுதிவிட்டேன், கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. Activity log-இல் அந்த இரண்டு கமென்ட்டையும் காணோம். கூகுள் தேடலில் இன்னும் பழைய பெயரோடுதான் வருகிறது.

பின்கட்டு_செந்தில்:
கூகுளுக்கு search.google.com/search-console/remove-outdated-content போய், செய்தியின் முகவரியையும், முன்பு இருந்து இப்போது பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லையும் கொடுங்கள். உங்கள் பெயரே அந்தச் சொல். பக்கத்தில் வேறெங்காவது, யாராவது பதிலில் உங்களைப் பெயர் சொல்லி அழைத்திருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும், அதை முதலில் தேடிப் பாருங்கள். படத்துக்காக அலுவலருக்கு அதே மெயில் தொடரில் இன்னொரு வரி எழுதுங்கள். ஃபேஸ்புக் கணக்கை அதுவரை விட்டுவையுங்கள்.

ராஜி_கேஆர்புரம்:
தேடினேன். ஒருவர் "ராஜி மேடம், தமிழ்நாட்டுக்கே போங்க" என்று பதில் போட்டிருக்கிறார். அதை நான் எப்படி எடுக்கிறது?

பின்கட்டு_செந்தில்:
உங்களால் முடியாது, அது அவருடைய கமென்ட். இதற்குத்தான் அந்த Report பொத்தான்.