சாக்லேட், நோபல் பரிசு, 23 புள்ளிகள்: வகுப்பு அனுபவங்கள்

புள்ளியியல் ஆசிரியை:
பிளஸ் ஒன்னுக்கு, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு நடத்தும்போது, 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஃபிரான்ஸ் மெசர்லி வெளியிட்ட படத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். 23 நாடுகள், 23 புள்ளிகள். கிடை அச்சில் ஒருவர் ஓராண்டில் சாப்பிடும் சாக்லேட். குத்து அச்சில் ஒரு கோடிப் பேருக்கு எத்தனை நோபல். ஒட்டுறவின் அளவு r = 0.791.

கணக்குக்குப் போகும் முன், புள்ளிகளுக்கு ஊடே ஒரு நேர்க்கோடு போட்டு, படத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். இந்த முறை ஒரு மாணவி, "மிஸ், சுவீடன் மட்டும் கோட்டை விட்டு மேலே நிக்குது" என்றாள். 6.4 கிலோ சாக்லேட்டுக்கு அந்தக் கோட்டின்படி ஒரு கோடிப் பேருக்கு 14 பரிசு போல வர வேண்டும், வந்திருப்பதோ 32. சரி, அந்தப் புள்ளியை விரலால் மறைத்தால் r கூடுமா, குறையுமா என்று கேட்டேன். குறையும் என்றார்கள் பலர். 0.862 ஆகக் கூடுகிறது! மீதிப் புள்ளிகள் கோட்டுக்கு நெருக்கமாக இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பிளஸ் ஒன் மாணவன்:
அப்படியென்றால் 79 சதவீதம் சாக்லேட்தான் காரணமா மிஸ்? எங்கள் டியூஷனில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு பொறியாளர்:
இல்லை தம்பி, r-ஐ வர்க்கப்படுத்த வேண்டும். 0.63 வரும். 63 சதவீதம்தான் சாக்லேட்டால்.

புள்ளியியல் ஆசிரியை:
வர்க்கப்படுத்தியது சரி சார், "சாக்லேட்டால்" என்பதுதான் இடிக்கிறது. நாட்டுக்கு நாடு பரிசுகளில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் 63 சதவீதம் அந்த நேர்க்கோட்டோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அச்சுகளை இடம் மாற்றிப் போடுங்கள், அதே 0.63 வரும். அப்போது நோபல் வாங்கியதால் சாக்லேட் தின்றார்கள் என்று சொல்வோமா?

காலத்தையும் பாருங்கள். பரிசுகள் 1901-இலிருந்து எண்ணியவை, சாக்லேட் கணக்கோ அந்த ஆய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளுடையது. அப்புறம், வசதியான நாடு சாக்லேட்டும் நிறைய வாங்கும், ஆய்வகமும் கட்டும். பரிசு வாங்கியவர்கள் சாக்லேட் சாப்பிட்டார்களா என்பது இந்தப் படத்தில் இல்லவே இல்லை.

ஒரு அம்மா:
நான் கேட்க வந்தது வேறு. என் மகன் வகுப்பில் டியூஷன் போகிற பிள்ளைகள்தான் குறைவாக மார்க் எடுக்கிறார்கள். அப்போ நிறுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
அவசரப்படாதீங்கம்மா. நான் பணியில் இருந்தபோது டியூஷன் நேரத்தையும் மார்க்கையும் புள்ளி வைத்துப் பார்த்தேன். கீழ்நோக்கித்தான் சரிந்தது. பிறகு பத்தாம் வகுப்பில் குறைந்த மார்க் எடுத்தவர்களைச் சிவப்பிலும் மற்றவர்களை நீலத்திலும் வைத்தேன். சிவப்புப் புள்ளிகள் மட்டும் மெல்ல மேலே ஏறின, நீலம் தட்டையாகக் கிடந்தது. ஏற்கெனவே திணறிய பிள்ளைகள்தான் அதிக நேரம் டியூஷனில் இருந்தார்கள்.

ஒரு அம்மா:
அப்போ டியூஷனால் பலன் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா சார்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
அதையும் சொல்ல முடியாதும்மா. சிவப்பிலேயே அதிக நேரம் டியூஷன் போனவர்களுக்கு, வீட்டில் கூடவே உட்கார்ந்து படிக்க வைத்த பெற்றோர் இருந்திருக்கலாம். அதை நான் குறித்து வைக்கவில்லை.