'ஜெர்க்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

கயல்விழி, கோவை

அனைவருக்கும் வணக்கம். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கான ஒரு கைப்பிரதியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. அதற்கடுத்த படியில் நின்றுவிட்டேன். முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை, அதாவது இடப்பெயர்ச்சியின் மூன்றாம் வகைக்கெழுவை, ஆங்கிலத்தில் 'ஜெர்க்' என்கிறார்கள். குலுக்கல், உதறல், திடுக்கம் என்று மூன்று சொற்களை எழுதிப் பார்த்தேன். "தொடக்கக் குலுக்கலை 0.8 என வைக்கவும்" என்று எழுதினால் படிக்கிறவர், லிஃப்ட்டை ஏன் குலுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பிரபு, திருச்சி

அக்கா, ஜெர்க் என்பது முடுக்கம் அளவுக்கு மேல் போவதுதானே? முடுக்கத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்துவிடும். 'மிகைமுடுக்கம்' என்று வைத்துவிடலாம். புதிதாக ஒரு சொல் தேட வேண்டிய தேவையே இல்லை.

சண்முகம், சென்னை

தம்பி பிரபு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் தனிச்சொல் வேண்டும் என்கிறேன். 22 வருடமாக லிஃப்ட் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவை செட் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் சாதாரண அடுக்குமாடி லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாடி உயரம் 3 மீட்டர். முடுக்கம் 0.8 மீ/நொ². இந்த 0.8 புவியீர்ப்பில் சுமார் 8 விழுக்காடு. 60 கிலோ ஆள் மேலே கிளம்பும்போது, கையில் 5 கிலோ அரிசிப் பையை யாரோ கொடுத்த மாதிரி காலில் கனம் கூடும். அந்தக் கனத்தை உடம்பு தாராளமாகத் தாங்கும். ஆனால் அது எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பையை மெல்லக் கையில் இறக்கினால் தோளும் முதுகும் தயாராகிவிடும். தொப்பென்று போட்டால் கை ஒரு தடவை கீழே போய்த்தான் வரும். எடை அதேதான்.

இப்போது கணக்கு. ஒரு மாடி ஏற ஆகும் நேரம்:

```
T = d/v + v/a + a/j
```

இதில் `d` மாடி உயரம், `v` வேகம், `a` முடுக்கம். `j` நாம் பெயர் தேடுகிற ஆள். அதற்கு வரம்பே வைக்காமல், பொத்தானை அழுத்தியதும் முடுக்கம் முழுதாக வந்துவிடுகிறது என்று வைத்தால் கடைசி உறுப்பு பூச்சியமாகும். 3 + 1.25 = 4.25 நொடி. `j` 0.8 மீ/நொ³ என்று வரம்பு வைத்தால், முடுக்கம் 0-விலிருந்து 0.8-க்கு வர ஒரு முழு நொடி எடுத்துக்கொள்ளும். மொத்தம் 5.25 நொடி. அந்த ஒரு நொடிதான் சொகுசுக்கு நாம் கொடுக்கும் விலை.

தம்பி சொன்ன வழியில் போய்ப் பார்ப்போம். `j`-க்கு வரம்பு வைக்காமல் முடுக்கத்தைப் பாதியாக்கி 0.4 என்று வைத்தால், 3 + 2.5 = 5.5 நொடி. நேரம் இன்னும் கூடுதலாகப் போகிறது, உதையும் தீரவில்லை. அரிசிப் பை இரண்டரைக் கிலோவானதே தவிர, தொப்பென்றுதான் விழுகிறது. இதனால்தான் டிரைவில் முடுக்கத்துக்குத் தனி இடமும் அதன் வளைவுக்குத் தனி இடமும் இருக்கின்றன. கிளம்பும்போது, முழு வேகத்தை எட்டும்போது, வேகம் குறையத் தொடங்கும்போது, நிற்கும்போது என்று நான்கு வளைவுகள். வேகத்தை வரைந்து பார்த்தால் 'எஸ்' மாதிரி இருப்பதால் நாங்கள் எஸ்-கர்வ் என்போம்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். குலுக்கல் வேண்டவே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 18738 முறைப்படி லிஃப்ட் தரையில் கருவியை வைத்து அளந்தால் ஜெர்க்குக்கு ஓர் எண் வரும், அதிர்வுக்கு வேறு எண்கள் வரும். கைடு ரெயில் இணைப்பு சரியில்லை என்றால் வருவது அதிர்வு, அதாவது குலுக்கல். அதை எஸ்-கர்வால் சரிசெய்ய முடியாது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் மெக்கானிக் தப்பான இடத்தில் கை வைப்பார். திடுக்கம் என்பது ஏறியவரின் மனநிலை. இங்கே அளப்பது லிஃப்ட்டின் ஓட்டத்தை.

ருக்மணி, மதுரை

சொல் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் லிஃப்ட் என்றதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பில் நான் மட்டும் ஏறிக் கீழே போகப் பொத்தானை அழுத்தினால், முதலில் சட்டென்று கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு அப்புறம்தான் இறங்குகிறது. ஆள் நிறைந்திருந்தால் மேலே போகும்போது முதலில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது. முழங்கால் வலியோடு பயந்துகொண்டே ஏறுகிறேன். பராமரிப்புக்கு வருகிறவர் எஸ்-கர்வை மூன்று முறை கூட்டிவிட்டார். கிளம்புவதுதான் மெதுவாகியிருக்கிறது, அந்தத் தூக்கல் போகவில்லை.

சண்முகம், சென்னை

அம்மா, நீங்கள் இவ்வளவு கவனித்து எழுதியதிலேயே காரணம் தெரிகிறது. எதிர் எடையை, லிஃப்ட் பெட்டியோடு முழுச் சுமையில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்த கனத்துக்குச் சமமாக வைப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் எதிர் எடைதான் கனம், பெட்டி மேலே போகப் பார்க்கும். ஆள் நிறைந்தால் பெட்டி கனம், கீழே போகப் பார்க்கும். மோட்டார் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும் முன்பே பிரேக் திறந்துவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளியில் கனமான பக்கம் ஜெயிக்கிறது. நாங்கள் ரோல்பேக் என்போம்.

எஸ்-கர்வ், மோட்டார் பிடித்த பிறகு எப்படி ஓட வேண்டும் என்பதற்கான திட்டம். அதற்கு முன்னால் நடப்பதை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? மோட்டார் பூச்சிய வேகத்தில் பிடித்து நின்ற பிறகு பிரேக் திறக்கிற மாதிரி நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். பெட்டியில் எடை உணரி இருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று டிரைவுக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற முறுக்குவிசையைத் தயாராக வைக்கலாம். உணரி இல்லை என்றால் ஓரளவுக்குத்தான் குறையும். முதலில் எஸ்-கர்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்தோணி, ஓய்வுபெற்ற மோட்டார்மேன்

படித்துக்கொண்டே வந்தேன். ரயில் பக்கமிருந்து ஒரு வார்த்தை. லிஃப்ட்டில் கிளம்பும்போது தெரிவது எங்களுக்கு நிற்கும்போதுதான் தெரியும். அதுவும் கடைசி ஒரு மீட்டரில்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது நின்றுகொண்டு வருகிறவர் உடம்பைப் பின்னால் சாய்த்து ஈடுகொடுப்பார். பழகியவர் தன்னையறியாமலே செய்வார். வண்டி நிற்கிற அந்தக் கணத்தில் பிரேக்கின் இழுப்பு பட்டென்று இல்லாமல் போகிறது. சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே இருக்கிறது, அதனால் பின்னால் போய் அடுத்தவர் காலை மிதிக்கிறார். வண்டி நின்ற பிறகு விழுகிறோமே என்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வேகம் நின்றது காரணமில்லை, இழுப்பு திடீரென்று மறைந்ததுதான் காரணம்.

அதனால் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளில் இது இன்னும் முக்கியம். வேகம் குறையக் குறைய அவற்றின் பிடி கூடும். கையை அப்படியே வைத்திருந்தால் கடைசியில் இழுப்பு தானாகவே ஏறி, வண்டி வெடுக்கென்று நிற்கும். அவசர பிரேக்கில் இந்தப் பக்குவமெல்லாம் கிடையாது, அங்கே தூரம்தான் முக்கியம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீள வண்டிகளில் பயணிகள் 'ஜெர்க்' என்று புகார் சொல்வது பெரும்பாலும் பெட்டிக்குப் பெட்டி இணைப்பில் இருக்கிற தளர்ச்சியால் வரும் இடி. காற்றுக் குழாயில் அழுத்தம் முன்னாலிருந்து பின்னால் குறைந்துகொண்டு வர நேரமாகும், முன்பெட்டி பிடித்த பிறகும் பின்பெட்டி தள்ளும். உங்கள் சொல் அதற்கும் பொருந்துமா?

பிரபு, திருச்சி

சண்முகம் ஐயா, என் தவறு புரிந்தது. அந்தோணி ஐயா சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இழுப்பு 0.8 மீ/நொ² இருக்கும்போது, அதை 2 நொடியில் சீராகப் பூச்சியமாக்கினால் `j` 0.4. வேகம் நொடிக்கு 0.8 மீட்டராக இருக்கும்போது தளர்த்தத் தொடங்க வேண்டும். அங்கிருந்து நிற்க 53 செ.மீ. தளர்த்தாமல் பிடித்தால் 40 செ.மீ. வித்தியாசம் 13 செ.மீ. தூரமும் ஒரு நொடியும் மட்டும்தான்! இவ்வளவு சின்ன விலைக்கு ஒரு பெட்டி ஜனமும் தள்ளாடாமல் நிற்கலாம் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்தோணி, ஓய்வுபெற்ற மோட்டார்மேன்

கணக்கு சரி தம்பி. ஆனால் மழையில் தண்டவாளம் வழுக்கும், கூட்டத்தில் வண்டி கனக்கும். அந்த 53 எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேறு.

கயல்விழி, கோவை

அந்தோணி ஐயா எழுதிய 'வெடுக்கென்று' கண்ணில் பட்டதும் 'வெடுக்கம்' என்று தோன்றியது. முடுக்கம், வெடுக்கம் என்று ஓசையும் சேர்ந்து வருகிறது. "தொடக்க வெடுக்கத்தை 0.8 என வைக்கவும்" என்று எழுதினால் குலுக்கச் சொல்வதாகப் படாது. வெடுக்க வரம்பு, நிறுத்த வெடுக்கம் என்று சேர்த்தும் எழுதலாம். பெட்டி இணைப்பில் வருவதை 'இடி' என்றே விட்டுவிடலாம், அது ஒரு நிகழ்ச்சி. வெடுக்கம் ஓர் அளவு.

சிவராசா, யாழ்ப்பாணம்

தங்கச்சி, எங்கட பக்கம் வெடுக்கு என்றால் மீன் நாற்றம். வகுப்பில் நான் 'வெடுக்கம்' என்று எழுதினால் பிள்ளைகள் மூக்கைத்தான் பொத்துவார்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்கிற வாய்ப்பு இது, அதை விடக்கூடாது.

நீங்கள் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம், வேகம் குறைவதை அமர்முடுகல் என்கிறோம். உங்களுக்கு வகைக்கெழு, எங்களுக்குப் பெறுதி. 'முடுக்க மாறுவீதம்' என்று வைத்தால் இங்கே அதை 'ஆர்முடுகல் மாறுவீதம்' என்று திரும்ப மாற்றுவோம், பிரிவு அப்படியே தொடரும். ஆகவே புதுச்சொல் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். 'உதறல்' என்பதை ஏன் விட்டீர்கள்?

சண்முகம், சென்னை

உதறல் எடுப்பது என்றால் இங்கே நடுக்கம். மறுபடியும் அதிர்வுக்குள் போய்விடுவோம். எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது, வெடுக்கத்திலும்தான். மிக நன்றாக ஓடும் லிஃப்ட்டிலும் ஜெர்க் இருக்கும். அது முழுக்கப் பூச்சியமானால் நிற்கிற லிஃப்ட் கிளம்பவே முடியாது. 'வெடுக்' என்ற ஓசை கெட்டதை மட்டுமே சொல்கிறது. "மென்மையான வெடுக்கம்" என்று எழுத மனம் வருமா?

கயல்விழி, கோவை

'முடுக்கம்' என்பதிலும் துரத்துகிற பொருள் இருக்கிறது ஐயா, ஆனாலும் 0.1 முடுக்கம் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறோம். பழகினால் அந்தக் கூர் தேயும் என்று நம்புகிறேன். மீன் நாற்றத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை, சிவராசா அண்ணா.

கைப்பிரதி அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். முதல் தடவை வரும் இடத்தில் 'முடுக்க மாறுவீதம்' என்று விளக்கிவிட்டு, அப்புறம் டிரைவில் இருக்கிறபடியே 'ஜெர்க்' என்று விடுகிறேன். ருக்மணி அம்மாவின் லிஃப்ட்டை, பெயர் குறிப்பிடாமல், எஸ்-கர்வைத் தொடக்கூடாத இடத்துக்கு எடுத்துக்காட்டாகச் சேர்க்க அனுமதி உண்டா?

ருக்மணி, மதுரை

தாராளமாகச் சேர்த்துக்கொள் கண்ணு. பிரேக் நேரத்தை மாற்ற நாளை வருகிறார்கள். எடை உணரி எங்கள் லிஃப்ட்டில் இல்லையாம்.