நான்ஸ்டிக் தவாவைக் கெடுத்தது மெஷினா, பொடியா?

லாஸ்பேட்டை கிச்சன்:
டிஷ்வாஷர் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. நான்ஸ்டிக் தோசைத் தவாவுக்கு அடியில சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு, தொட்டா விரல்ல கருப்பா ஒட்டுது. கைப்பிடி ரிவெட்டைச் சுத்தி கோட்டிங் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கு. மீன் வெட்டுற கத்தியில புள்ளிப் புள்ளியா துரு. தவா அட்டையில டிஷ்வாஷர்ல போடலாம்னுதான் போட்டிருந்தது. மெஷின் சரியில்லையா, பாத்திரம் சரியில்லையா?

மஞ்சக்குப்பம் மாமி:
ரெண்டும் இல்லம்மா. நம்ம வீட்டுச் சாமானுக்கு அந்த மெஷினே ஆகாது. நாலு தட்டு, நாலு டம்ளர் வெச்சிக்கிற வீட்டுக்குச் செஞ்சது அது. தோசைக் கரண்டி, பருப்பு மத்து, வெங்கலப் பானைன்னு இருக்கிற வீட்டுல அதுக்கு என்ன வேலை? அந்தக் கோட்டிங் உரிஞ்சு தோசையோட வயித்துக்குள்ள போனா கேன்சர்ங்கிறாங்க. முதல்ல அதைத் தூக்கிப் போடு.

தேவனாம்பட்டினம்:
அக்கா, நம்ம கரையோரத் தண்ணிதான் காரணம். எங்க போர் தண்ணியில சோப்பே நுரைக்காது. அந்த உப்புத் தண்ணியை எழுபது டிகிரியில அடிச்சா எந்தக் கத்தி தாங்கும்? சுடுதண்ணியில கத்தியோட டெம்பர் வேற இறங்கிடும். அதனாலதான் முனையும் மழுங்குது.

சேதராப்பட்டு பட்டறை:
தண்ணி விஷயத்துல தம்பி சொல்றது பாதி சரி. டெம்பர் இறங்குறதுங்கிறது மட்டும் தப்பு. கத்தியைச் சூடாக்கிப் பதப்படுத்துன பிறகு அந்தப் பதம் இறங்கணும்னா குறைஞ்சது நூத்தைம்பது டிகிரிக்கு மேல போகணும், வீட்டு மெஷின் அந்தப் பக்கமே போகாது. முனை மழுங்குறது வேற ரெண்டு காரணத்தால. தண்ணி அடிக்கிற வேகத்துல கத்தி பக்கத்துக் கரண்டியில இடிச்சுக்கிட்டே இருக்கும். முனைதான் ரொம்ப மெல்லிசு, துருவும் முதல்ல அங்கேதான் தின்னும்.

தவா கதை எனக்குத் தெரிஞ்ச கதை. நான் அலுமினியம் அனோடைசிங் பட்டறையில இருக்கேன். சாமானை முதல்ல சூடான காஸ்டிக் சோடா தொட்டியில முக்குவோம், மேல் தோல் கரையறதுக்கு. வெளியே எடுத்தா அலுமினியம் சாம்பல் கருப்பா நிக்கும், கையில ஒட்டும். காரத்துல அலுமினியம் கரைஞ்சு போயிடும், அதுல கலந்திருக்கிற செம்பு, சிலிக்கான், இரும்பு மாதிரியானது கரையாம மேலேயே தங்கிடும். நாங்க அதை நைட்ரிக் ஆசிட்ல கழுவி எடுப்போம். உங்க தவாவுக்கு அடியில இருக்கிறதும் அதேதான்.

கோட்டிங்குக்குக் காரத்தால ஒண்ணும் ஆகாது. அந்த வழவழப்புப் பொருள் காரத்துக்கும் அசையாது, ஆசிட்டுக்கும் அசையாது. ஆனா அது ஒட்டிக்கிட்டு நிக்கிறது அலுமினியத்து மேல. ரிவெட் துளை, தவாவோட விளிம்பு, கரண்டி கீறுன கோடு, இந்த மூணு இடத்துலயும் அலுமினியம் வெளியே தெரியும். காரத்தண்ணி அது வழியா உள்ளே போயி அடியில இருக்கிற அலுமினியத்தைத் தின்னுடுது. பிடிமானம் போன கோட்டிங் கொப்புளமா எழும்புது. அதனாலதான் உங்களுக்கு நடுவுல இல்லாம ரிவெட்டைச் சுத்தி வந்திருக்கு. பழைய தவாவை விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, விளிம்புலயும் ஒரு மெல்லிசான வெள்ளிக் கோடு தெரியும்.

ஒண்ணு கேக்கறேன் மேடம். நீங்க என்ன பொடி போடறீங்க?

முத்தியால்பேட்டை தம்பி:
சார், நீங்க சொல்றது தொட்டிக் காஸ்டிக் கதை. டிஷ்வாஷர் பொடி அவ்வளவு முரடு கிடையாது. அதுல பெரும்பாலும் சோடியம் சிலிக்கேட் சேர்க்கிறாங்க, அது அலுமினியத்து மேலயும் கண்ணாடி மேலயும் ஒரு படலமா உக்காந்து காப்பாத்தும். நானும் தவாவை மெஷின்ல போட்டுக்கிட்டுதான் இருக்கேன், இன்னும் நல்லா இருக்கு. பாத்திரத்துல அட்டையைப் பார்த்து வாங்கிட்டு, அப்புறம் மெஷினைத் திட்டுறது என்ன நியாயம்?

லாஸ்பேட்டை கிச்சன்:
கடைப் பொடி இல்லை, வீட்டுலயே கலந்தது. ஒரு கிலோ வாஷிங் சோடா, நூறு கிராம் லெமன் சால்ட், இருநூறு கிராம் தூள் உப்பு. வீடியோவுல பார்த்தது. விலை கம்மி, ஸ்டீல் பாத்திரம் எல்லாம் பளபளன்னு வருது. அதைக் குத்தம் சொல்லாதீங்க.

சேதராப்பட்டு பட்டறை:
குத்தம் சொல்லல, கணக்குப் பார்க்கிறேன். அந்தக் கலவையில சிலிக்கேட் இல்லை. தம்பி சொன்ன படலம் உங்க தவாவுக்குக் கிடைக்கவே இல்லை. வெறும் வாஷிங் சோடா, சுடுதண்ணி, மணிக்கணக்கான சைக்கிள். லெமன் சால்ட் அதுல கொஞ்சம் அமிலம் போட்டு ஒரு பகுதியை அடக்கும்தான், ஆனா ஒரு கிலோவுக்கு நூறு கிராம் எந்த மூலைக்கு? மிச்சம் காரமாதான் நிக்கும்.

கத்திப் புள்ளிக்குக் காரணம் அந்த உப்பு. மெஷின்ல உப்பு போடற தொட்டி அடியில தனியா மூடி போட்டு இருக்கு இல்லையா, அந்த உப்பு பாத்திரத்தைத் தொடறதுக்கில்லை. தண்ணியோட கடினத்தைக் குறைக்கிற ரெசினைக் கழுவிட்டு சாக்கடையில போயிடும். உங்க கலவையில அதே உப்பு கத்தி மேலயே நேரா ஊத்துது. நல்ல சாப்பாட்டுத் தட்டு 18க்கு 8 ஸ்டீல், குரோமியம் நிறைய. கத்தி வேற, கூர் நிக்கணும்னு கெட்டிப்படுத்தின ஸ்டீல், அதுல குரோமியம் அதைவிடக் குறைவு. ஈரத்தோட உப்பும் சேர்ந்து, கதவை மூடி ராத்திரி பூரா விட்டா, குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழும். நகத்தால வருடிப் பாருங்க. துரு தேய்ச்சா போயி மழமழன்னு இருந்தா, அது பக்கத்துல இருந்த இரும்புச் சாமானோட துரு வந்து ஒட்டுனது. நகம் குழியில மாட்டினா உங்க கத்தியேதான் அரிச்சிருக்கு.

தேவனாம்பட்டினம்:
அப்போ நான் சொன்ன உப்புத்தண்ணி?

சேதராப்பட்டு பட்டறை:
அதுவும் சேரும் தம்பி. உங்க ஊர்த் தண்ணியில உப்பு இருந்தா ரெசின் கடினத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. அதனால தேவனாம்பட்டினத்துல இருக்கிற ஒருத்தர் நல்ல பொடி போட்டாலும் கத்தியை மெஷின்ல போடக்கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

வில்லியனூர் கொல்லை:
என் பாட்டி வெச்சிருந்த வேப்பமரக் கரண்டியையும் மருமக மெஷின்ல போட்டா. வெளியே எடுத்தா நாலா பிளந்து நிக்குது. இரும்பு தோசைக்கல் போட்டா அதுவும் ஆரஞ்சுக் கலரா வருது. கல்லுக்கு எண்ணெய் தடவி எடுத்து வெச்சா சரியாயிடுமா?

மஞ்சக்குப்பம் மாமி:
இரும்புக் கல்லைப் போய் மெஷின்ல போடுவாங்களா! எண்ணெய் ஏறுன கல்லோட பதமே அந்தப் பொடியில கரைஞ்சு போயிடும். புளித் தண்ணி போட்டுத் துருவைத் தேய்ச்சு எடு. நல்லாக் கழுவி, அடுப்புல காய வெச்சு, எண்ணெய் தடவி வெங்காயத்தால தேய். கல் மீண்டுடும். மரக் கரண்டி மீளாது.

முத்தியால்பேட்டை தம்பி:
மரத்துல எல்லாமே நாராச்சே. வெட்டுப்பட்ட ரெண்டு முனை வழியாவும் தண்ணியைக் குடிச்சு உப்பும், அப்புறம் சூட்டுல வெளிப்புறம் சட்டுன்னு காஞ்சு சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம். அதுதான் பிளவு. மரக் கைப்பிடி கத்தியும் அப்படித்தான், கைப்பிடி ஆட ஆரம்பிக்கும். இதை நானும் போட மாட்டேன். ஆனா தவாவைப் பத்தி நான் இன்னும் ஒத்துக்கல.

லாஸ்பேட்டை கிச்சன்:
பிளாஸ்டிக் டப்பா மூடி ஒண்ணு வளைஞ்சு வந்துது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை தம்பி:
கீழ்த் தட்டுல போட்டிருப்பீங்க. சில மெஷின்ல சூடு ஏத்துற கம்பி அடியிலேயே இருக்கும். டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள 5ன்னு இருந்தா மேல் தட்டுல கவுத்து வைங்க. 1ன்னு இருக்கிற தண்ணி பாட்டில் சூட்டுல சுருங்கும். மஞ்சத்தூள் கறை படிஞ்சா மெஷின்ல போகாது, ரெண்டு நாள் வெயில்ல போட்டா வெளுக்கும். கெட்டியான, கண்ணாடி மாதிரியான பழைய பாலிகார்பனேட் பாட்டிலை மட்டும் வேண்டாம், சூடும் காரமும் அதை உடைச்சு மங்க வைக்கும்.

சேதராப்பட்டு பட்டறை:
தவாவுக்கு வருவோம். தம்பி ஒத்துக்க வேண்டாம், வீட்டுல பார்க்கட்டும். ரெண்டு டம்ளர்ல கொதிச்ச தண்ணி ஊத்துங்க. ஒண்ணுல லாஸ்பேட்டை மேடம் கலவை ஒரு ஸ்பூன், இன்னொண்ணுல கடைப் பொடி ஒரு ஸ்பூன். சமையல் அலுமினிய ஃபாயிலை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு ரெண்டுலயும் போடுங்க. டம்ளரை மூடாதீங்க, வர்றது ஹைட்ரஜன், ஜன்னலைத் திறந்து வெச்சுக்கங்க.

லாஸ்பேட்டை கிச்சன்:
பண்ணிப் பார்த்தேன். என் பொடியில போட்ட உடனேயே ஃபாயில் விளிம்பு பூரா சின்னச் சின்னக் குமிழி, கொஞ்ச நேரத்துல பளபளப்பே போயிடுச்சு. கடைப் பொடியில குமிழி இங்கொண்ணு அங்கொண்ணு, ஃபாயில் ஓரளவு மங்கினதோட சரி.

முத்தியால்பேட்டை தம்பி:
பார்த்தீங்களா, கடைப் பொடியில பெரிசா ஒண்ணும் இல்லையே. ஃபாயில் காகிதம் மாதிரி மெல்லிசு, தவா கெட்டி.

சேதராப்பட்டு பட்டறை:
மங்கினது மங்கினதுதான் தம்பி. கெட்டியா இருந்தா மெதுவா நடக்கும், நடக்காம இருக்காது. அட்டையில போடலாம்னு எழுதுறதை நான் பொய்யுன்னு சொல்லல. கோட்டிங் தாங்கும்ங்கிறது உண்மை. ரிவெட் துளையைப் பத்தி அட்டை பேசாது. அடியில ஸ்டீல் தகடு ஒட்டி, ரிவெட் இல்லாம வர்ற தவா இருக்கு, அதை வேணா போடுங்க. ஹார்டு அனோடைஸ்டு கடாயை மட்டும் எந்தப் பொடியிலும் போடாதீங்க. அந்தக் கருப்புப் படலம் நாங்க போடறதுதான். தப்பாப் படிஞ்சா அதை எடுக்கிறதுக்கும் காஸ்டிக்லதான் முக்குவோம்.

மஞ்சக்குப்பம் மாமி:
கேன்சர் பத்தி யாரும் பதில் சொல்லலையே?

சேதராப்பட்டு பட்டறை:
உரிஞ்ச துண்டு வயித்துல கரையாது மாமி, வந்த வழி தெரியாம வெளியே போயிடும். வெறும் தவாவைக் காய விட்டு முந்நூறு டிகிரிக்கு ஏத்தினா வர்ற புகைதான் கெட்டது. கோட்டிங் எழும்பின இடத்துல எண்ணெயும் தண்ணியும் புகுந்து மேல மேல உரியும், அதனால அந்தத் தவாவை நான் வெச்சுக்க மாட்டேன்.

மஞ்சக்குப்பம் மாமி:
அதைத்தானே நான் முதல்லயே தூக்கிப் போடுன்னு சொன்னேன்.

லாஸ்பேட்டை கிச்சன்:
தவா போகட்டும். கத்தியில நகம் மாட்டுது, அஞ்சாறு குழி. கல்லுல தீட்டினா போயிடுமா, இல்லை மீன் வெட்டறப்போ அதுல அழுக்கு சேருமா?

தேவனாம்பட்டினம்:
முனையில இருந்து தள்ளி இருந்தா தீட்டத் தேவையில்லை அக்கா. பழைய பிரஷ்ஷால சமையல் சோடா போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, உடனே காய வைங்க. எங்க வீட்டுல அப்படித்தான்.

சேதராப்பட்டு பட்டறை:
முனையிலேயே இருந்தா தீட்டிதான் ஆகணும், அந்தக் குழி இருக்கிற ஆழம் வரைக்கும். அதுக்குள்ள கத்தி எவ்வளவு தேயும்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.