ஒழுங்குமுறை ஆணையம் என்றே விட்டுவிடலாமா?

மைதிலி:
வணக்கம். ஆட்சியியல் சொற்பட்டியலில், மின்கட்டணத்தை முடிவுசெய்யும் அமைப்பு போன்றவற்றுக்கு ஒரு பொதுச்சொல் தேவை. "ஒழுங்குமுறை ஆணையம்" புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும். "ஆணையரகம்" என்றாலோ அது துறைத் தலைமை அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் இது குழம்புகிறது. "துறைசாரா ஒழுங்காணையம்" எப்படி?

சேகர்:
எதற்கு இவ்வளவு சிரமம்? அமைச்சர் பேட்டி கொடுக்கிறார், கொஞ்ச நாளில் பில் ஏறுகிறது. அதுவும் எரிசக்தித் துறையின் இன்னொரு கிளைதான். "மின்கட்டண வாரியம்" என்று வையுங்கள், போதும்.

அந்தோணி:
சேகர், பேட்டியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2022-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலையில் தமிழ்நாடு மின்வாரியம் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு போட்டது. மனு என்பதைக் கவனியுங்கள். துறைக்குள் என்றால் கோப்பு மேலே போய் அரசாணையாகத் திரும்பும். இங்கே வாரியம் ஒரு தரப்பு, நாமெல்லாம் எதிர்த்தரப்பு. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சிறுதொழில்காரர்கள் நிலைக்கட்டணத்தை எதிர்த்துப் பேசினார்கள். வந்த ஆட்சேபணைகளையும் அவற்றுக்கு வாரியம் தந்த பதிலையும் பதிவுசெய்து, ஆணையம் காரணங்களோடு ஆணை எழுதவேண்டும். புதிய கட்டணம் செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆணை பிடிக்காவிட்டால் அமைச்சரிடம் முறையிட்டுப் பயனில்லை. டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். ஆணைய உறுப்பினர் பதவி ஐந்தாண்டு, 65 வயது வரை. அதே பதவியில் மறுநியமனம் கிடையாது. செயலாளரை மாற்றுவதுபோல் ஒரே உத்தரவில் மாற்ற முடியாது. கிளை என்று எப்படிச் சொல்வது?

பார்வதி:
எனக்கு இரண்டு மாத பில் மூன்று மடங்கு வந்திருக்கிறது. மீட்டர் ஓட்டம் சரியில்லை என்று நினைக்கிறேன். இந்த ஆணையத்துக்கு எழுதினால் நடக்குமா?

அந்தோணி:
நேரே அங்கே போகாதீர்கள் அம்மா. முதலில் பிரிவு அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள். அதில் தீராவிட்டால் உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அடுத்து மின்குறை தீர்ப்பாளர். ஆணையம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யுமே தவிர, உங்கள் வீட்டு மீட்டரைப் பார்க்காது.

சேகர்:
சரி, கிளை இல்லை. அப்போ 100 யூனிட் இலவசம் யார் கொடுப்பது? அரசுதானே? அரசு சொன்னபடிதானே ஆணையம் எழுதுகிறது?

அந்தோணி:
இது நல்ல கேள்வி. ஆணையம் முழு விலையைத்தான் எழுதும். யாருக்குச் சலுகை என்பதை அரசு முடிவு செய்யலாம், ஆனால் அந்தப் பணத்தை வாரியத்துக்கு அரசே முன்கூட்டிக் கட்டவேண்டும். மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆம் பிரிவு இது. பணம் வராவிட்டால் சலுகை செல்லாது, ஆணையம் எழுதிய கட்டணமே பொருந்தும்.

அதே சட்டத்தில் 108-ஆம் பிரிவும் இருக்கிறது. பொதுநலன் சார்ந்த கொள்கையில் அரசு எழுத்தில் வழிகாட்டலாம். எது கொள்கை என்பதில் ஐயம் வந்தால் அரசின் முடிவே இறுதி. நியமிப்பதும் அரசுதான். அதனால் "சுதந்திர" என்ற முன்னொட்டுக்கு நான் கை தூக்கமாட்டேன். 2014-இல் வாரியம் மனு போடாமலேயே ஆணையம் தானாகக் கட்டணத்தை மாற்றியது. அதன்பின் 2022 வரை வீட்டுக் கட்டணம் ஏறவே இல்லை. அதிகாரம் இருந்தும் அந்த இடைவெளி ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

சிவகுமாரன் (யாழ்ப்பாணம்):
எங்களிடம் இது "ஆணைக்குழு". இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுதான் மின்கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுக்கும். தொலைத்தொடர்புக்கு "ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு" என்றே பெயர். சுதந்திரம் பற்றி அந்தோணி ஐயா சொன்னதற்கு ஒரு வார்த்தை: கட்டண உயர்வில் அரசோடு முரண்பட்ட பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை, 2023 மே மாதம் பாராளுமன்றமே வாக்கெடுத்து நீக்கியது. அவர் மீது அரசு வேறு குற்றச்சாட்டுகளும் வைத்தது. ஆனாலும் அமைச்சரின் கையெழுத்து போதவில்லை, பாராளுமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. "துறைசாரா" என்றால் மின்துறையைச் சாராதது என்றும் படிக்கலாமே? மின்சாரம் அறிந்தவர்கள் உட்காரும் இடத்துக்கு அது பொருந்தாது.

மைதிலி:
உண்மைதான், "துறைசாரா"வை எடுத்துவிடுகிறேன். "ஒழுங்காணையம்" என்று மட்டும் வைத்து, "ஒழுங்குமுறை ஆணையம்", "ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு" இரண்டையும் பக்கத்தில் தரலாமா?

சேகர்:
"ஒழுங்காணையம்" என்றால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிற இடம் போல இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆளுக்கு ஆள் வெளிறிப்போவார்கள்.

அந்தோணி:
இந்த முறை சேகர் பக்கம்தான் நானும். புழக்கத்தில் உள்ளதையே தலைச்சொல்லாக வையுங்கள். விளக்கத்தில் மட்டும் "மனு விசாரித்து ஆணையிடும் நிலையான சட்ட அமைப்பு" என்று ஒரு வரி சேருங்கள்.

மைதிலி:
விளக்க வரி சரி. தலைச்சொல்லை இன்னும் திறந்தே வைத்திருக்கிறேன். "கட்டண நடுவம்" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். ஆனால் உரிமம் தருவதும் இவர்கள் வேலைதானே, அது அதில் அடங்குமா?