சங்கிலியும் பூட்டும் அப்படியே இருக்க, நகைப் பை மட்டும் காணோம்: இரவு ரயில் அனுபவங்கள்

நெல்லைச்சீமை: எழும்பூரில் ஏறி தெற்கே போகும்போது எதிர் பெர்த் அம்மாவுக்கு நடந்தது. ஸ்லீப்பர் கோச். துணி சூட்கேஸை சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பு வளையத்தில் சங்கிலியால் கட்டி, ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்து குட்டிப் பூட்டும் போட்டிருந்தார். காலையில் எல்லாம் போட்டது போட்டபடி. மதுரை தாண்டியதும் சீப்பு எடுக்கத் திறந்தால் நகைப் பை இல்லை! பூட்டைத் தொடாமல் எப்படி?

தண்டவாளம்: பால்பாயிண்ட் பேனா போதும். முனையை ஜிப் பல்லுக்கு நடுவில் அழுத்தினால் பிளந்துவிடும். எடுத்த பிறகு, பூட்டோடு சேர்ந்திருக்கும் இழுப்பான்களை அந்த இடத்தின் மேல் ஒரு தடவை ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் பூட்டினால் அவை சேர்ந்தே நகரும், வம்பு அங்கேதான். பெட்டியின் கைப்பிடியையும் சேர்த்துப் பூட்டுங்கள். பிளப்பதை அது தடுக்காது, ஆனால் திரும்ப மூட முடியாது, இறங்குவதற்கு முன்பே கண்ணில் படும். அப்புறம் சங்கிலியைத் தொங்கவிடாமல் இறுக்கி, ஜிப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி தள்ளி வையுங்கள். பெட்டியை வெளியே இழுத்தால்தான் ஜிப்பில் கை வைக்க முடியும், சங்கிலி இறுக்கமாக இருந்தால் இழுக்க வராது.

கோவைக்காரி: ஏசியில் போனால் இந்தத் தொல்லையே இல்லையே, அட்டெண்டர் இருக்கிறார். தொலைந்தால் ரயில்வே நஷ்டஈடும் தரும்.

தண்டவாளம்: ஏசியிலும் போகிறது, திரைக்குப் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது. 1989 ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, புக் செய்யாமல் நம்மோடு கொண்டுபோகும் சாமானுக்கு ஊழியரின் கவனக்குறைவை நாம் நிரூபித்தால்தான் பொறுப்பு. வழக்கு போட்டு வென்றவர்களும் உண்டு, ஆனால் இழுத்தடிக்கும்.

பூட்டுசாவி: நம்பர் பூட்டு வாங்காதீர்கள்! விடியற்காலை இருட்டில் நம்பர் தெரியாமல் நான் பட்ட பாடு... என் மாமியார் ஊறுகாய் ஜாடிப் பைக்கும் பூட்டு போடுவார்.

பக்கவாட்டு_லோயர்: எனக்கென்னவோ சங்கிலியைப் பார்த்தாலே 'உள்ளே சரக்கு இருக்கு' என்று நாமே சொல்வது மாதிரி. பணம், போன், தாலிச்செயின் எதுவுமே பெட்டியில் வேண்டாம். சின்னப் பையின் வாரைக் குறுக்கே மாட்டி, போர்வைக்குள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். லோயர் பெர்த்தில் ஜன்னலுக்குத் தலைவைத்தால் ஷட்டரை இறக்கிவிட வேண்டும், சிக்னலில் வண்டி நின்றால் கம்பி வழியே கை வரும்.

தண்டவாளம்: மறைக்க முடியாத பெரிய பெட்டிக்குச் சங்கிலி வேண்டும்தான். அந்த அம்மா புகார் கொடுத்தாரா?

நெல்லைச்சீமை: 139-க்கு அடித்தோம். டிடிஇ-யிடமே எஃப்ஐஆர் படிவம் இருந்தது, நடுவழியில் இறங்க வேண்டியதில்லை என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த ஸ்டேஷனில் எடுத்தார்கள் என்று எழுதுவதில்தான் திணறினார், தூங்கினவருக்கு எப்படித் தெரியும்?